எஸ்டிபி தண்ணி காலைல மட்டும் கருப்பா நாத்தத்தோட வருது (72 வீடு, பெரும்பாக்கம் பக்கம்)

ஏரிக்கரை72:
எல்லாருக்கும் வணக்கம். பெரும்பாக்கம் பக்கத்துல 72 வீடு இருக்குற அபார்ட்மென்ட்ல இருக்கேன், அசோசியேஷன்ல ரெண்டு மாசம் முன்னாடிதான் கழிவுநீரை சுத்தம் பண்ற எஸ்டிபி பிளான்ட் பொறுப்பை என் தலையில கட்டினாங்க. நான் கணக்கு ஆடிட் பண்றவன், இதெல்லாம் புதுசு, அதனால தப்பா எதாவது சொன்னா திருத்துங்க.

கட்டி நாலு வருஷம் ஆச்சு, ஒரு நாளைக்கு 40 ஆயிரம் லிட்டர், அதாவது 40 கேஎல்டி பிளான்ட், பேஸ்மென்ட்ல இருக்கு. பாத்ரூம், டாய்லெட், கிச்சன் எல்லாம் ஒண்ணா வந்து கம்பி ஸ்கிரீன் தாண்டி கலெக்‌ஷன் டேங்க்ல விழுது, அங்கிருந்து பம்ப் பண்ணி ப்ளோயர் காத்து ஊதுற ஏரேஷன் டேங்க், அப்புறம் சேறு அடியில தங்குற செட்லிங் டேங்க், அப்புறம் ஒரு சின்ன தொட்டி (ஆபரேட்டர் இதை ஃபில்டர் ஃபீடுன்னு சொல்றார்), சாண்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், கடைசியா ட்ரீட்டட் வாட்டர் தொட்டி. அங்கிருந்து மாடி ஃப்ளஷ் டேங்குக்கும் தோட்டத்துக்கும் போகுது.

பிரச்னை என்னன்னா காலைல 6லருந்து 9 மணி வரைக்கும் ஃப்ளஷ்ல வர்ற தண்ணி சாம்பல் கருப்பு, அழுகின முட்டை நாத்தம். மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் பரவால்ல. பிளான்ட் பாத்துக்குற கம்பெனிகிட்ட சொன்னா கழிவைத் தின்னுற பாக்டீரியா செத்துப் போச்சு, கல்ச்சர் பவுடர் போடணும்னாங்க, 10 கிலோ வாங்கிப் போட்டு மூணு வாரம் ஆச்சு, ஒரு மாத்தமும் இல்ல. சாண்ட் ஃபில்டர் அடிக்கடி அடைக்குது, ஒரு நாளைக்கு மூணு தடவை தண்ணியை எதிர்ப்பக்கமா விட்டு பேக்வாஷ் பண்றாங்க. இன்னொண்ணும் சொல்லிடுறேன், போன வருஷத்துலருந்து கரண்ட் பில் குறைக்க ராத்திரி 11 மணிக்கு ப்ளோயரை நிறுத்திட்டு காலைல 5க்கு போடுறாங்க, பம்ப்பும் அதே நேரம் ஆஃப். இதுதான் காரணமா, இல்ல வேற எதாவதா? ஆறாவது மாடில ஒரு பாட்டி எனக்கு தினமும் காலைல போன் பண்ணி தம்பி பாத்ரூமுக்கே போக முடியலப்பான்னு சொல்றாங்க, மனசுக்கு கஷ்டமா இருக்கு.

சுத்தம்_முக்கியம்:
ப்ரோ காரணத்தை நீங்களே சொல்லிட்டீங்க. ஆறு மணி நேரம் காத்து இல்லன்னா பாக்டீரியா செத்துடும். ப்ளோயரை 24 மணி நேரமும் ஓட்டுங்க, 20 கிலோ கல்ச்சர் இன்னொரு தடவை போடுங்க, கூட ரெண்டு கூடை பச்சை சாணி கரைச்சு ஊத்துங்க. எங்க அபார்ட்மென்ட்ல ஆரம்பத்துல சாணி போட்டுத்தான் பிளான்டை கிளப்பினோம், பதினைஞ்சு நாள்ல தண்ணி தெளிஞ்சுது.

மதுரை_மச்சுவீடு:
சார் எங்க வீட்லயும் இதே நாத்தம்தான், செப்டிக் டேங்க் 8க்கு 5 அடி, ரெண்டு வருஷமா எடுக்கல. நீங்க சொல்ற ப்ளோயரை செப்டிக் டேங்க்ல வச்சா நாத்தம் போயிடுமா? எவ்ளோ விலை வரும்?

வண்டல்:
மதுரை சார், தனி வீட்டு செப்டிக் டேங்க் காத்தே இல்லாம வேலை செய்யறதுக்குன்னு கட்டினது. அதுல காத்தைக் கொடுத்தா அடியில தங்கின கசடு கிளம்பி சோக்பிட்டுக்குப் போய் மண்ணை அடைச்சுடும். ரெண்டு வருஷம் ஆச்சுல்ல, லாரி கூப்பிட்டு கசடை எடுத்துடுங்க, வென்ட் பைப் மொட்டை மாடி உயரத்துக்கு மேல போகுதான்னு பாருங்க. இந்த இழை வேற விஷயம்.

ஏரிக்கரை சார், நான் 19 வருஷமா இந்த மாதிரி சின்ன பிளான்டெல்லாம் ஓட்டிக்கிட்டும் ரிப்பேர் பண்ணிக்கிட்டும் இருக்கேன். ராத்திரி நிறுத்துறது கண்டிப்பா தப்பு, ஆனா அது பாதி காரணம்தான்னு நினைக்கிறேன். நீங்க சொன்னதுல எனக்கு உறுத்துறது பேக்வாஷ். 40 கேஎல்டி பிளான்ட்ல மூணு தடவை பேக்வாஷ்னா சாண்ட் ஃபில்டருக்கு சேறு போய்க்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அந்தச் சேறுதான் உங்க பாக்டீரியா. அது செத்துப் போகல சார், வெளிய போயிட்டு இருக்கு. வெளிய போற வழியை அடைக்காம எத்தனை கிலோ பவுடர் போட்டாலும் அதுவும் கூடவே போகும்.

மூணு வேலை பண்ணிட்டு வந்து சொல்லுங்க. முதல்ல ஒரு லிட்டர் கண்ணாடி ஜார் வாங்குங்க, அளவு கோடு போட்டது. காலைல 10 மணிக்கு ஏரேஷன் டேங்க்ல ப்ளோயர் ஓடிக்கிட்டு இருக்கும்போது வாளி விட்டு எடுத்து ஜார்ல ஊத்தி ஆட்டாம அரை மணி நேரம் வச்சு, சேறு எந்தக் கோடு வரைக்கும் இருக்கு, என்ன கலர், மேல இருக்குற தண்ணி தெளிவா கலங்கலான்னு பாருங்க. ரெண்டாவது, காலைல 5 மணிக்கு பம்ப் போடும்போது செட்லிங் டேங்க் பக்கத்துல நின்னு அரை மணி நேரம் பாருங்க, டார்ச் வேணும். மூணாவது, கலெக்‌ஷன் டேங்க்கோட நீளம் அகலம் அளந்துட்டு, மத்தியானம் 3 மணிக்கு, அப்போதான் வீடுகள்லருந்து தண்ணி கம்மியா வரும், பம்பை பத்து நிமிஷம் ஓட்டி மட்டம் எத்தனை சென்டிமீட்டர் இறங்குதுன்னு குச்சி விட்டுப் பாருங்க. எதையும் உள்ள இறங்கிப் பாக்க வேண்டாம், மேல நின்னே பண்ணலாம்.

அப்படியே செட்லிங் டேங்க் அடியிலருந்து சேறு ஏரேஷனுக்கு எதால திரும்பி வருது, தனி பம்ப்பா இல்ல ஏர் லிஃப்ட்டான்னும் கேட்டுச் சொல்லுங்க.

ஏரிக்கரை72:
வண்டல் சார் ரொம்ப நன்றி, மூணும் பண்ணிட்டேன். கொஞ்சம் பெருசா எழுதுறேன்.

ஜார்ல அரை மணி நேரம் கழிச்சு சேறு 110 மில்லி கோட்டுக்கிட்ட நின்னுது. கலர் காபி கலரா இருக்கும்னு ஆபரேட்டர் தம்பி சொன்னார், எங்களுது ஈரமான சாம்பல் மாதிரி இருந்துது. மேல தண்ணி கலங்கல்.

காலைல 4.50க்கு கீழ போயிட்டேன். செட்லிங் டேங்க் மேல தண்ணி அசையாம கிடந்துது, அங்கங்க இட்லி சைஸ்ல கருப்பா சேத்துக் கட்டி மிதந்துக்கிட்டு இருந்துது, ஒவ்வொண்ணு ஓரத்துலயும் சின்னச் சின்ன குமிழி. 5 மணிக்கு ப்ளோயர், பம்ப் ரெண்டும் ஒண்ணா போட்டாங்க. ஏழெட்டு நிமிஷத்துல டேங்க் நடுவுல இருந்து புகை எழும்புற மாதிரி கருப்பா சேறு மேல வந்துது சார், அப்படியே ஓர வாய்க்கா மேல வழிஞ்சு அடுத்த தொட்டிக்குப் போக ஆரம்பிச்சுது. ஆறே கால் வரைக்கும் நின்னேன், நிக்கவே இல்ல. எத்தனை மாசமா இது கீழ நடந்துக்கிட்டு இருக்கோ, மேல 72 வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது.

கலெக்‌ஷன் டேங்க் உள்ளளவு 3 மீட்டருக்கு 2.5 மீட்டர், ஆழம் தண்ணி நிக்கிற மட்டத்துக்கு 2 மீட்டர். பத்து நிமிஷத்துல 20 சென்டிமீட்டர் இறங்குச்சு. சேறு திரும்புறது ஏர் லிஃப்ட்டாம், ப்ளோயர் காத்துலயே ஓடுதாம். செட்லிங் டேங்க் மேல 1.8க்கு 1.8 மீட்டர், அடி கூம்பு மாதிரி.

வண்டல்:
அருமையா பாத்திருக்கீங்க, இனிமே கணக்கு போட்டாலே போதும்.

உங்க டேங்க் பரப்பு 7.5 சதுர மீட்டர். 20 சென்டிமீட்டர் இறங்குச்சுன்னா 1500 லிட்டர். பத்து நிமிஷத்துல 1500 லிட்டர்னா மணிக்கு 9000 லிட்டர். உங்க பிளான்ட் ஒரு நாளைக்கு 40 ஆயிரம் லிட்டருக்கு, அதை ஒரு 20 மணி நேரத்துல பரவலா அனுப்பணும்னு வச்சுத்தான் டிசைன் பண்ணுவாங்க, அப்படின்னா மணிக்கு 2000 லிட்டர். நீங்க நாலரை மடங்கு அனுப்பிக்கிட்டு இருக்கீங்க.

ஏரேஷன் டேங்க் எப்பவும் நிறைஞ்சே இருக்கும், அதனால பம்ப் எவ்ளோ தள்ளுதோ அவ்ளோ உடனே செட்லிங் டேங்க் வழியா வழிஞ்சு ஆகணும். அந்த டேங்க் பரப்பு 3.24 சதுர மீட்டர். மணிக்கு 2000 லிட்டர் வந்தா தண்ணி அதுல மணிக்கு சுமார் 60 சென்டிமீட்டர் வேகத்துல மேல ஏறும், சேறு அதைவிட வேகமா கீழ இறங்கும், தண்ணி தெளிஞ்சு வழியும். 9000 லிட்டர் வந்தா தண்ணி மேல ஏறுற வேகம் மணிக்கு கிட்டத்தட்ட 2.8 மீட்டர். நல்ல சேறே அந்த வேகத்துக்கு எதிரா இறங்க சிரமப்படும், உங்க சாம்பல் சேறு எங்க இறங்கும்? நீங்க பாத்த புகை அதுதான்.

இப்போ ராத்திரி கதையை இதோட சேருங்க. ஏர் லிஃப்ட் ப்ளோயர் காத்துல ஓடுறதுன்னா, ப்ளோயரை நிறுத்தினா சேறு திரும்புறதும் நின்னுடும். 11 மணிக்கு கூம்புல இருந்த சேறு 5 மணி வரைக்கும் காத்தே இல்லாம அங்கயே கிடந்து அழுகுது, கருப்பாகுது, கேஸ் கட்டிக்கிட்டு கட்டி கட்டியா மேல மிதக்குது. அந்த நேரம் பாத்து 5 மணிக்கு 9000 லிட்டர் பம்பை திறந்து விட்டா, ராத்திரி பூரா அழுகினது மொத்தமும் ஃபில்டர் ஃபீட் தொட்டிக்குப் போகும், அங்கிருந்து ஃபில்டரைத் தாண்டி பாதி மாடிக்கு ஏறும். அந்தப் பாட்டிக்கு காலைல மட்டும் நாத்தம் வர்றதுக்கு காரணம் இந்த வரிசைதான்.

இன்னும் ஒண்ணு இருக்கு. பேக்வாஷ் தண்ணி எங்க போகுது? கலெக்‌ஷன் டேங்குக்குத்தானே? மூணு தடவை பேக்வாஷ்னா அந்தத் தண்ணியையும் அதே பம்ப் திரும்ப தூக்கி அதே செட்லிங் டேங்க்ல கொட்டுது. சேறு போகுது, ஃபில்டர் அடைக்குது, பேக்வாஷ் பண்றோம், தண்ணி கூடுது, இன்னும் சேறு போகுது. சுத்திக்கிட்டே இருக்கு.

சுத்தம்_முக்கியம்:
கணக்கு புரியுது, சாணி விஷயத்துல நான் அவசரப்பட்டுட்டேன். ஆனா ஒரு சந்தேகம், மணிக்கு 2000 லிட்டர் தள்ளுற கழிவுநீர் பம்ப் மார்க்கெட்ல கிடைக்காதே? கிடைச்சாலும் இம்பெல்லர் வழி இத்தனூண்டு இருக்கும், ஒரு துணி வந்தா முடிஞ்சுது. பெரிய பம்ப் வச்சதுல தப்பில்லன்னு தோணுது.

வண்டல்:
நீங்க சொல்றது சரி, பம்ப் பெருசா இருக்கலாம், இருக்கத்தான் வேணும். ஆனா அது தூக்குறது எல்லாம் ஏரேஷனுக்குப் போகக் கூடாது. பம்ப் டெலிவரி லைன்ல ஒரு டீ போட்டு ஒரு கிளை கலெக்‌ஷன் டேங்குக்கே திரும்பி வரும், அதுக்கு ஒரு வால்வு. அந்த வால்வை திறந்து வச்சா வேண்டாத தண்ணி திரும்ப விழுந்துடும், விழறப்போ கலெக்‌ஷன் டேங்கை கலக்கியும் விடும். ஏரிக்கரை சார், உங்க பிளான்ட்லயும் அந்த லைன் கண்டிப்பா இருக்கும், வால்வு மூடியிருக்கான்னு பாருங்க. ஏரேஷனுக்குப் போற லைன் வால்வை பாதி மூடி குறைக்கிற வேலை மட்டும் வேண்டாம், முடியும் துணியும் அந்த இடுக்குல மாட்டி ரெண்டு நாள்ல அடைச்சுடும்.

மாடித்தோட்டம்_லதா:
நாங்க சிறுசேரி பக்கம், 120 வீட்ல 45 வீடுதான் குடி வந்திருக்காங்க. எங்களுக்கு ஏரேஷன் டேங்க் மேல வெள்ளையா சோப்பு நுரை ரெண்டு அடிக்கு நிக்குது, காத்து அடிச்சா பார்க்கிங் வரைக்கும் பறந்து வருது. இதுவும் பம்ப் பிரச்னைதானா?

அப்புறம் ஸ்கிரீன் பத்தி யாரும் பேசலயே. எங்க ஸ்கிரீன்ல தினமும் ஈர வைப்ஸ், நாப்கின், முடி, ஒரு நாள் குழந்தை சாக்ஸ் கூட வந்துது. எங்க ஆபரேட்டர் அண்ணா ரெண்டு வேளையும் கம்பி வாரியால இழுத்து மேல ஓட்டைத் தட்டுல போட்டு தண்ணி வடியவிட்டு மூட்டை கட்டுவார். அவர் ஊருக்குப் போன மூணு நாள் யாரும் வாரல, கிரவுண்ட் ஃப்ளோர் பாத்ரூம்ல தண்ணி எதிர்த்து வந்துடுச்சு.

வண்டல்:
லதாம்மா, உங்களுது வேற. 45 வீட்டுத் தண்ணிக்கு 120 வீட்டு டேங்க், சேறு இன்னும் சேரல, அதனால துணி துவைக்கிற சோப்பை உடைக்க ஆள் பத்தல. வெள்ளை நுரைன்னா இளசான சேறுன்னு வச்சுக்கோங்க. பக்கத்துல நல்லா ஓடுற பிளான்ட் இருந்தா அவங்க வெளியேத்துற சேத்தை ஒரு லோடு கேட்டு வாங்கி ஊத்துங்க, நுரை மேல தண்ணி தெளிச்சா தற்காலிகமா அடங்கும். பழுப்பா பிசுபிசுன்னு நுரை வந்தா மட்டும் திரும்ப வந்து சொல்லுங்க, அது நேரெதிர், சேறு முத்திப் போனதுக்கு அடையாளம்.

ஸ்கிரீன் பத்தி கேட்டது நல்ல கேள்வி. ஏரிக்கரை சார், உங்க ஸ்கிரீன் எப்படி இருக்கு?

ஏரிக்கரை72:
சார் இதைக் கேட்டதும்தான் போய்ப் பாத்தேன், தலை சுத்திடுச்சு. ஸ்கிரீன் அது இருக்க வேண்டிய இடத்துல இல்ல. சுவத்துல சாத்தி வச்சிருக்காங்க, கம்பியெல்லாம் காஞ்சு துருப்பிடிச்சு, மேல யாரோ துணி காயப் போட்டிருக்காங்க.

பழைய ஆபரேட்டர் ஒருத்தர் இப்போ பக்கத்து அபார்ட்மென்ட்ல இருக்கார், அவரைப் பிடிச்சுக் கேட்டேன். ரெண்டாவது வருஷம் தீபாவளி சமயத்துல இங்கயும் லதா மேடம் சொன்ன மாதிரி கிரவுண்ட் ஃப்ளோர்ல தண்ணி எதிர்த்துச்சாம், வாரி விட ஆள் இல்ல, பயந்துபோய் ஸ்கிரீனையே கழட்டிட்டாங்க. அதுக்கப்புறம் வைப்ஸ் எல்லாம் நேரா கலெக்‌ஷன் டேங்க்ல விழுந்து 1 ஹெச்பி பம்ப் வாரா வாரம் அடைச்சுது. கம்பெனிக்காரங்க வந்து சின்ன பம்ப்தான் அடைக்குதுன்னு 2 ஹெச்பி கட்டர் பம்ப் போட்டாங்க. திரும்பி வர்ற லைன் வால்வு இருக்கு சார், நீங்க சொன்ன மாதிரியே மூடித்தான் இருக்கு, கைப்பிடியே உடைஞ்சு போச்சு. அதைத் திறந்தா டேங்க் சீக்கிரம் காலியாகலன்னு மூடினாங்களாம்.

ஆக ஸ்கிரீனைக் கழட்டினதுல பம்ப் அடைச்சு, பம்ப் அடைச்சதுல பெரிய பம்ப் வந்து, பெரிய பம்ப் வந்ததுல சேறு வெளிய போய், கடைசில நான் கல்ச்சர் பவுடருக்கு அசோசியேஷன் பணத்தைக் கொடுத்திருக்கேன்.

வண்டல்:
கட்டர் பம்ப் இன்னொரு கெடுதலும் பண்ணும் சார். வைப்ஸை அது அரைச்சு நூல் நூலா அனுப்பும், அந்த நூல் ஏரேஷன் டேங்க்ல போய் காத்தைக் குமிழியா விடுற டிஃப்யூசர் பைப்லயும் ஏர் லிஃப்ட் வாயிலயும் ஜடை மாதிரி முறுக்கிக்கும். டேங்க் மேல குமிழி எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி நுணுக்கமா வருதா, இல்ல ஒரு மூலைல மட்டும் கொதிக்கிற மாதிரி பெருசா வருதான்னு பாருங்க. ஒரு இடத்துல கொதிச்சா அங்க டிஃப்யூசர் மேல இருக்குற மெம்பிரேன் கிழிஞ்சிருக்கு, காத்தெல்லாம் அந்த வழியா போயிடுது.

வேலை வரிசை இப்படி வச்சுக்கோங்க. முதல்ல ஸ்கிரீன். புதுசா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல கம்பிக்கு கம்பி 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, சாய்வா, மேல நின்னே வாரியால இழுக்கிற மாதிரி போடுங்க. காலைல 10 மணிக்கும் ராத்திரி 9க்கும் வாரணும், வாரினவர் பேரோட நோட்டுல எழுதணும்.

அடுத்து ஏரேஷன் டேங்க் தலையில ஒரு சின்னப் பெட்டி. பம்ப் தண்ணி அதுல விழும், ஒரு பக்கம் முக்கோண வெட்டு வழியா ஏரேஷனுக்கு, மிச்சம் மறுபக்கம் வழிஞ்சு கலெக்‌ஷன் டேங்குக்கு. வால்வை விட இது நல்லது, ஏன்னா கண்ணுக்குத் தெரியும், துணி மாட்டினா கையாலயே எடுத்துடலாம். அளக்குறதுக்கு 20 லிட்டர் பெயின்ட் வாளியும் செல்போனும் போதும். வாளி 36 செகண்ட்ல நிறைஞ்சா மணிக்கு 2000 லிட்டர்.

அதோட ப்ளோயர், பம்ப் ரெண்டும் ராத்திரியும் ஓடணும். மெதுவா அனுப்ப ஆரம்பிச்சதும் பகல்ல வந்த தண்ணியை ராத்திரிலதான் பிளான்ட் தீர்க்கும், நிறுத்தினா காலைல கலெக்‌ஷன் டேங்க் வழிஞ்சுடும்.

பொருளாளர்_நாவலூர்:
எல்லாம் சரிங்க, பணம் யார் தர்றது? நான் எங்க அசோசியேஷன் பொருளாளர். 5 ஹெச்பி ப்ளோயர் ராத்திரி ஆறு மணி நேரம் ஓடினா, ஓடுற லோடு 3 கிலோவாட்னு வச்சா கூட மாசம் 540 யூனிட். மெயின்டனன்ஸ் 100 ரூபாய் ஏத்தினாலே கூட்டத்துல சண்டை. நாங்களும் ராத்திரி நிறுத்துறோம், ஆனா ரெண்டு மணி நேரம் நிறுத்தி ஒரு மணி நேரம் ஓட்டுற மாதிரி டைமர் வச்சிருக்கோம், ஒரு வருஷமா நாத்தம் இல்ல.

வண்டல்:
உங்க சேறு திரும்புறது தனி பம்பாங்க?

பொருளாளர்_நாவலூர்:
ஆமா, தனி பம்ப், அது நிக்கிறதில்ல.

வண்டல்:
அதான் தாங்குது. ஏர் லிஃப்ட் உள்ளவங்க இதைப் பாத்துப் பண்ணக் கூடாது. அப்படியும் ரெண்டு மணி நேரம் எனக்கு அதிகம்னுதான் படுது, ஒரு மணி நேரத்துக்கு மேல நான் நிறுத்த மாட்டேன். சேறு டிஃப்யூசர் மேல படிஞ்சுடும், தினமும் படிஞ்சு கிளம்புனா மெம்பிரேன் ஆயுசு குறையும்.

பொருளாளர்_நாவலூர்:
ஒரு வருஷமா ஓடுற பிளான்டை கண்ணால பாத்துட்டு சொல்றேன், மெம்பிரேனும் மாத்தல. நீங்க அனுபவஸ்தர், மறுக்கல, ஆனா இதுல நான் என் டைமரை மாத்தப் போறதில்ல.

சுத்தம்_முக்கியம்:
ப்ளோயர்ல விஎஃப்டி போட்டு ராத்திரி வேகத்தைக் குறைக்கலாமே? எங்க ஃபேக்டரில பண்றோம்.

வண்டல்:
பண்ணலாம், நிறுத்துறதை விட நூறு மடங்கு மேல். ஆனா லோப் ப்ளோயரை ரொம்பக் குறைச்சா சூடாகும், தயாரிப்பாளர் சொன்ன குறைஞ்ச வேகத்துக்குக் கீழ போகாதீங்க. ஏர் லிஃப்ட்ல தண்ணி வருதான்னு அந்த வேகத்துல நின்னு பாத்துட்டு செட் பண்ணுங்க.

ஏரிக்கரை72:
கமிட்டி கூட்டம் முடிஞ்சுது, ஸ்கிரீனுக்கும் பெட்டிக்கும் ஓகே வாங்கிட்டேன். கரண்ட் விஷயத்துல ரெண்டு பேர் இன்னும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. நான் ஒண்ணுதான் சொன்னேன், 72 வீட்ல 288 பேர், ஆளுக்கு 45 லிட்டர் ஃப்ளஷுக்குன்னா தினம் 13 ஆயிரம் லிட்டர் ஆகுது. இந்தத் தண்ணி சரியா வரலன்னா அதுக்கு நல்ல தண்ணி ஊத்தணும், அது ஒரு பெரிய லாரிக்கு மேல, தினமும். அதைக் கேட்டதும் பேச்சு குறைஞ்சுது.

ஒரு கேள்வி. ஃபில்டர் ஃபீட் தொட்டி அடியில முழங்கால் அளவு கருப்புச் சேறு இருக்கு. கம்பெனிக்காரங்க ஒரு பையனை இறக்கி அள்ளிடலாம், அரை நாள் வேலைங்கிறாங்க. அதைச் செஞ்சுட்டா போதும்தானே?

வண்டல்:
இறக்காதீங்க. தயவு செஞ்சு யாரையும் இறக்காதீங்க. அந்தக் கருப்புச் சேத்தைக் கிளறினதும் அழுகின முட்டை நாத்தத்தோட ஒரு கேஸ் கிளம்பும், கொஞ்சம் அதிகமானா முதல்ல மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது, உள்ள இருக்கறவன் சரியாயிடுச்சுன்னு நினைப்பான், ரெண்டு மூச்சுல விழுந்துடுவான். அவனைத் தூக்க இன்னொருத்தன் இறங்குவான், அவனும் விழுவான். சென்னையைச் சுத்தி இப்படி எத்தனை பேர் போயிட்டாங்க. மூடியைத் திறந்து வச்சா போதும், ஃபேன் போட்டா போதும்னு சொல்றவங்களை நம்பாதீங்க. பாதுகாப்பு இல்லாம இந்த மாதிரி தொட்டில ஆளை இறக்குறது, கையால கழிவு அள்ளுறதைத் தடுக்கிற 2013 சட்டப்படி குத்தம், சொன்னவங்க ஜெயிலுக்குப் போகணும், அதையும் கூட்டத்துல சொல்லுங்க.

கசடு உறிஞ்சுற லாரி கூப்பிடுங்க, மேலருந்து ஹோஸை விட்டு, இன்னொரு பைப்ல தண்ணி பீச்சி கரைச்சுக் கரைச்சு உறிஞ்சுவாங்க. ரெண்டு ட்ரிப் ஆகும், ஆகட்டும். வேலை நடக்கும்போது குழந்தைங்களை பேஸ்மென்ட் பக்கம் விடாதீங்க.

மாடித்தோட்டம்_லதா:
இதை எங்க குரூப்ல போடுறேன். எங்க ஆபரேட்டர் அண்ணா ஏர் லிஃப்ட் அடைச்சா ஏணி வச்சு இறங்குவார்னு இப்போதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். நாளைக்கே பூட்டு போடச் சொல்றேன்.

ஏரிக்கரை72:
அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன். நடந்ததைச் சொல்லிடுறேன்.

லாரியை வச்சு ஃபில்டர் ஃபீட் தொட்டி, ட்ரீட்டட் தொட்டி, மாடி ஃப்ளஷ் டேங்க் மூணையும் கழுவினோம், ஒருத்தரும் இறங்கல. ஸ்கிரீன் வந்து முதல் நாள் ராத்திரி வாரினதுல ஒரு முழு சிமென்ட் மூட்டை நிறைஞ்சுது, அதை போட்டோ எடுத்து குரூப்ல போட்டேன், வைப்ஸ் போடாதீங்கன்னு நாலு வருஷமா ஒட்டின நோட்டீஸ் செய்யாததை அந்தப் போட்டோ செஞ்சுது, இப்போ பாதிகூட வர்றதில்ல. பெட்டியை பக்கத்துல எஃப்ஆர்பி வேலை பண்றவர்கிட்ட செஞ்சோம், வாளி வச்சு முதல்ல 19 செகண்ட் வந்துது, வெட்டைக் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சு 35 செகண்டுக்குக் கொண்டு வந்தோம். பக்கத்து அபார்ட்மென்ட்ல ஒரு லோடு சேறு கொடுத்தாங்க, கழுவின தண்ணி லாரிலதான் கொண்டு வந்தோம்.

ஜார் தினமும் பாக்குறேன், ஆபரேட்டர் தம்பிக்கு இப்போ அதுல என்னை விட ஆர்வம். முதல் வாரம் 150, மூணாவது வாரம் 240, நேத்து 320. கலர் டீத்தூள் கொதிச்ச மாதிரி பழுப்பு, மேல தண்ணி வழியா ஜாருக்குப் பின்னாடி இருக்குற பேப்பர் எழுத்தைப் படிக்கலாம். மோந்து பாத்தா மழை பெஞ்ச மண் வாசனை, நம்பவே முடியல. செட்லிங் டேங்க்ல காலைல 5 மணிக்கு புகை எழும்பல. பேக்வாஷ் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை. பாட்டி போன் பண்றது நின்னுடுச்சு, போன ஞாயித்துக்கிழமை லிஃப்ட்ல பாத்துட்டு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

ஆனா ரெண்டு விஷயம் தீரல. தண்ணி லேசா மஞ்சள் கலர் இருக்கு. சி பிளாக்ல மட்டும் ரெண்டு நாள் உபயோகிக்காத பாத்ரூம்ல ஃப்ளஷ் பண்ணா லேசா வாடை வருது, ஏ, பி பிளாக்ல இல்ல.

வண்டல்:
ரொம்ப சந்தோஷம் சார். 450, 500 தாண்டினா கொஞ்சம் சேத்தை எடுத்துடணும், இல்லன்னா செட்லிங் டேங்க் மறுபடி வழியும், இதை தம்பிக்கு இப்பவே சொல்லி வச்சுடுங்க. மஞ்சள் கலர் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், கார்பன் பழசா இருந்தா மாத்திப் பாக்கலாம், முழுசாப் போகும்னு சொல்ல மாட்டேன்.

சி பிளாக் வாடைக்கு, கிருமியைக் கொல்ற குளோரின் மருந்து ஹைப்போவை எங்க விடுறாங்கன்னு பாருங்க. கார்பன் ஃபில்டருக்கு முன்னாடி விட்டா கார்பன் அதை மொத்தமா குடிச்சுடும், மாடிக்கு ஒண்ணும் போய்ச் சேராது. ஃபில்டர் தாண்டி, ட்ரீட்டட் தொட்டிக்குப் போற லைன்ல விடணும்.

ஏரிக்கரை72:
சார் பாத்துட்டேன், சாண்ட் ஃபில்டருக்கு முன்னாடிதான் விடுறாங்க. டோசிங் ட்யூப்பை நாளைக்கு மாத்தச் சொல்லியிருக்கேன். ஆனா அப்படின்னா மூணு பிளாக்லயும்தானே வாடை வரணும், சி பிளாக்ல மட்டும் ஏன்?

வண்டல்:
சி பிளாக் ஃப்ளஷ் டேங்க் தனியா? கழுவினப்போ அதையும் கழுவினீங்களா?

ஏரிக்கரை72:
டேங்க் மூணு பிளாக்குக்கும் தனித்தனி, மூணும் கழுவினதா நோட்டுல இருக்கு. ஆனா சி பிளாக் டேங்க் மூடி மேல தூசி அப்படியே இருந்ததா இப்போ ஞாபகம் வருது. சாயங்காலம் தம்பியோட மாடிக்குப் போய் திறந்து பாத்துட்டு எழுதுறேன்.